பெட்டியில் 3000, பின்கட்டில் 14

போன மே மாச லீவுல எங்கப்பாவோட 3,600 ரூபாயை ஒரு அட்டைப்பெட்டியை நம்பி செலவு பண்ண வெச்சவன் நான். ஈசிஇ மூணாவது வருஷம் முடிச்சுட்டு ஊருக்குப் போயிருந்தேன். வீட்டுல நெட் சரியில்லைன்னா யாரைக் கேப்பாங்க? என்னைத்தான். நானும் கொஞ்சம் கூட யோசிக்காம பதில் சொன்னேன். அந்த பதில் தப்பு. எப்படித் தப்புன்னு கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. நீங்களும் இந்த செமஸ்டர் லீவுல வீட்டுக்குப் போய் இதே கேள்விக்கு பதில் சொல்லப் போறீங்க, அதனால எழுதறேன்.

எங்க ஊர் முள்ளுக்குறிச்சி, நாமக்கல் மாவட்டம். கொல்லிமலை அடிவாரம். மொட்டை மாடியில நின்னா மலை முகத்துக்கு நேரா நிக்கும். வீடு பழைய வீடு. முன்கட்டு தாத்தா காலத்துல கட்டுனது, சுவரெல்லாம் கருங்கல். நடுவுல ஹால், அதுக்கு அப்புறம் அப்பா சேர்த்துக் கட்டுன பின்கட்டு. கேபிள்காரர் குடுத்த ஃபைபர் கனெக்‌ஷன் முன்கட்டு ஜன்னல் வழியா உள்ள வருது. ரவுட்டரும் அங்கயே ஆணி அடிச்சு மாட்டியிருக்கு. எங்கக்கா குரூப் 4-க்குப் படிக்கறது பின்கட்டுல. தினமும் சாயங்காலம் 6 மணிக்கு லைவ் கிளாஸ். சார் கேள்வி கேக்கறப்ப இவ திரையில வட்டம் சுத்தும். வட்டம் நிக்கறதுக்குள்ள பதிலே சொல்லி முடிச்சிருப்பாங்க.

"டேய், நீ என்னமோ கம்யூனிகேஷன்னுதான படிக்கற, இதை என்னன்னு பாரு"ன்னா.

பின்கட்டுல அவ போன்ல ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். 11 எம்பிபிஎஸ். அதுவும் ஒரு தடவை 11, அடுத்த தடவை 4. நாங்க கட்டறது 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு. ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன், AC1200-ன்னு போட்டிருந்தது. ஆன்லைன்ல தேடினா AX3000 கிடைக்குது. 1200-ஐ விட 3000 பெருசு. AC-யை விட AX புதுசு. இதுல யோசிக்க என்ன இருக்குன்னு அப்பாகிட்ட சொன்னேன்.

"ஏசின்னா குளுகுளுன்னு இருக்கும்னு பார்த்தா இது சூடால்ல இருக்குது கண்ணு"ன்னு பழைய ரவுட்டரைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். அப்புறம் மரவள்ளி வித்த காசுல இருந்து எடுத்துக் குடுத்தார்.

நாலாவது நாள் பெட்டி வந்துச்சு. மாட்டினேன். பின்கட்டுக்குப் போய் டெஸ்ட் போட்டேன். 14.

திருப்பி அனுப்பலாம்னு பார்த்தா, பொருள் பழுதா இருந்தா மட்டும்தான் மாத்திக் குடுப்பாங்களாம். பொருள்ல ஒரு பழுதும் இல்லை, வாங்கினவன் மூளையிலதான். அன்னிக்கு ராத்திரி அந்தப் பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு உக்கார்ந்தேன். வாங்கறதுக்கு முன்னாடி செஞ்சிருக்க வேண்டிய வேலை.

முதல்ல எழுத்து. AC-ன்னா 802.11ac, AX-ன்னா 802.11ax. ரெண்டும் ஐஇஇஇ போட்ட தரங்களோட பேரு. முதலாவது 2013-ல வந்தது, ரெண்டாவதுக்கு 2021-ல இறுதி ஒப்புதல் கிடைச்சுது. இந்தப் பேரெல்லாம் மக்களுக்குப் புரியாதுன்னு 2018-ல வைஃபை அலையன்ஸ் இதுக்கு வைஃபை 5, வைஃபை 6-ன்னு எளிய பேரு வெச்சுது. அதனால AX-ங்கிற எழுத்து ஒரு உண்மையான தகவல். இந்த ரவுட்டருக்கு எந்தத் தலைமுறை மொழி பேசத் தெரியும்னு அது சொல்லுது.

பக்கத்துல இருக்கற 3000 அப்படி இல்லை. அது எந்தத் தரத்துலயும் இல்லாத எண். கம்பெனிக்காரங்க கூட்டிப் போட்டது. பெட்டியோட பின்பக்கம் சின்ன எழுத்துல அந்தக் கூட்டலே இருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ்ல 2402, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 574. கூட்டினா 2976. அதை இழுத்து 3000 ஆக்கிட்டாங்க. பழைய AC1200-ம் அப்படித்தான். 867-ம் 300-ம் சேர்ந்தா 1167, அது 1200 ஆச்சு. AX1800-ன்னு பார்த்தீங்கன்னா 1201-ம் 574-ம்.

இந்தக் கூட்டல்ல என்ன தப்புன்னு எங்க ஊர்க்காரங்களுக்குச் சுலபமாச் சொல்லலாம். கொல்லிமலைக்குப் போக காரவள்ளி வழியா 70 கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோடு ஒன்னு இருக்கு, எங்க ஊர்ப் பக்கமா ஏறற ரோடு ஒன்னு இருக்கு. ரெண்டு ரோட்டோட அகலத்தையும் கூட்டி 'கொல்லிமலைக்கு இவ்வளவு அகலமான ரோடு'ன்னு போர்டு வெச்சா எப்படி இருக்கும்? மொத்தமா மலை ஏறற வண்டிகளைக் கணக்கெடுக்க அந்தக் கூட்டல் உதவலாம். ஆனா நீங்க ஓட்டற வண்டி ஒரு நேரத்துல ஒரு ரோட்டுலதான் ஏறும். உங்க போனும் அப்படித்தான். ஒன்னு 5-ல இருக்கும், இல்லைன்னா 2.4-ல இருக்கும். (ரெண்டு பேண்டையும் ஒரே நேரத்துல பிடிக்கற வசதி வைஃபை 7-ல வந்திருக்கு. அதுக்கு ரவுட்டரும் வைஃபை 7, போனும் வைஃபை 7-ஆ இருக்கணும்.)

சரி, கூட்டலை விடுவோம். 5 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும் 2402 வரணும் இல்லையா? ரவுட்டருக்கு ஒரு முழம் தள்ளி உக்கார்ந்து லேப்டாப்ல இந்த கமாண்டைப் போட்டேன். விண்டோஸ் வெச்சிருந்தா நீங்களும் இப்பவே போட்டுப் பாருங்க.

```
netsh wlan show interfaces
```

வர்ற வரிகள்ல `Radio type`, `Receive rate (Mbps)`, `Transmit rate (Mbps)` இந்த மூணைப் பாருங்க. எனக்கு 802.11ax, 1201, 1201-ன்னு வந்தது. பெட்டியில போட்டதுல பாதி. அக்கா போனோட வைஃபை விவரத்துல பார்த்தா 433. அம்மா போன் 5 கிகாஹெர்ட்ஸையே பார்க்காத போன், அதுல 72.

ரவுட்டர் ஒன்னுதான், இடம் ஒன்னுதான், ஆனா எண் மட்டும் மூணு விதம். இது ஏன்னு புரியணும்னா அந்த 1201 எப்படி வருதுன்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கணும். நம்ம சிலபஸ்ல ஓஎஃப்டிஎம் வரும், தேர்வுல படம் வரைஞ்சு மார்க் வாங்கியிருப்போம். அதோட விலை 3,600 ரூபாய்ன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

80 மெகாஹெர்ட்ஸ் அகல சேனலை 802.11ax சின்னச் சின்னத் துணை அலைகளாப் பிரிக்குது. அதுல டேட்டா சுமக்கறது 980. எல்லாம் சரியா இருந்தா ஒவ்வொன்னும் ஒரு தடவைக்கு 10 பிட் சுமக்கும், 1024 க்யூஏஎம்னு படிச்சோமே அதுதான். ஆறு பிட்டுக்கு ஒரு பிட் பிழை திருத்தத்துக்குப் போயிடும், மிச்சம் ஆறில் ஐந்து. ஒரு தடவைக்கு ஆகற நேரம் 13.6 மைக்ரோ செகண்ட்.

```
980 × 10 × 5/6 ÷ 13.6 µs = 600.5 Mbps
600.5 × 2 = 1201 Mbps
```

கடைசி வரியில வர்ற 2, ஆன்டெனா ஜோடி. ரவுட்டர் ரெண்டு தனித்தனி ஓடையா அனுப்புது, லேப்டாப்பும் ரெண்டு ஆன்டெனாவால வாங்கிக்குது. சேனலை 160 மெகாஹெர்ட்ஸா அகலமாக்கினா இதே கணக்கு இரட்டிப்பாகி 2402 ஆகும். பெட்டியில போட்டிருக்கறது அந்தக் கணக்குதான்.

என் லேப்டாப்ல இருக்கற கார்டுக்கு 80-க்கு மேல தெரியாது. அதனால 1201-லயே நின்னுடுச்சு. அக்கா போன் வைஃபை 5, அதுல ஒரே ஒரு ஓடைதான். அதோட பழைய கணக்குப்படி 433-தான் உச்சம். நான் 3000-க்குப் பதிலா 6000 எண் போட்ட ரவுட்டர் வாங்கி மாட்டியிருந்தாலும் அக்கா போன்ல 433-தான் காட்டியிருக்கும். அம்மா போன்ல அதே 72-தான்.

இன்னொன்னும் இருக்கு. 2402 ரெண்டு வழியில வரும். ரெண்டு ஓடை 160 மெகாஹெர்ட்ஸ்ல போனாலும் 2402, நாலு ஓடை 80 மெகாஹெர்ட்ஸ்ல போனாலும் 2402. பெட்டியில எண் ஒன்னுதான். ஆனா போன், லேப்டாப் எல்லாம் பெரும்பாலும் ரெண்டு ஓடைதான். அதனால ரெண்டாவது வகை ரவுட்டர்ல உங்களுக்கு 1201-க்கு மேல காட்டாது, உங்க லேப்டாப் கார்டுக்கு 160 தெரிஞ்சிருந்தாலும் கூட. விவரப் பட்டியல்ல '160 மெகாஹெர்ட்ஸ்' இருக்கா, '4x4' இருக்கான்னு பார்த்தாத்தான் இது எந்த வகைன்னு தெரியும்.

அப்புறம் இந்த எண்கள் எல்லாமே காத்துல போற பிட்டோட வேகம்தான். ஃபைல் வந்து சேர்ற வேகம் இல்லை. வைஃபைல ஒரே சேனல்ல ஒருத்தர் பேசறப்ப மத்தவங்க சும்மா இருக்கணும். பேசினதுக்கு 'கிடைச்சுது'ன்னு பதில் வரணும். நடுநடுவுல ரவுட்டர் 'நான் இருக்கேன்'னு கூவிக்கிட்டே இருக்கணும். இதுக்கெல்லாம் நேரம் போகுது. உண்மையில எவ்வளவுதான் வருதுன்னு பார்க்க அக்கா லேப்டாப்பை வயர்ல ரவுட்டரோட மாட்டி `iperf3 -s` போட்டு, என் லேப்டாப்ல வைஃபை வழியா இதைப் போட்டேன்.

```
iperf3 -c 192.168.0.105
```

கடைசியில இருக்கறது அக்கா லேப்டாப்போட ஐபி. 710 எம்பிபிஎஸ் கிட்ட வந்துச்சு. ஒரு முழ தூரத்துல, நடுவுல சுவரே இல்லாம, 1201-க்கு 710. இது மோசமான ரவுட்டர்ங்கிற அர்த்தம் இல்லை. போட்டிருக்கற இணைப்பு வேகத்துல பாதியில இருந்து மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் வந்தா அது நல்லாத்தான் வேலை செய்யுது.

இந்த விஷயம் பெட்டியிலயே ஒரு மூலையில எறும்பு சைஸ் எழுத்துல இருக்கும். இது தரத்துல சொன்ன உச்ச அளவு, நிஜத்துல மாறும்ங்கிற மாதிரி ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னாடி ஒரு வழக்கே இருக்கு. வைஃபை 54, 108 எம்பிபிஎஸ்னு வித்துக்கிட்டு இருந்த காலத்துல, சொன்ன வேகம் வரலைன்னு அமெரிக்காவுல நெட்கியர் கம்பெனி மேல வாங்கினவங்க சார்பா வழக்குப் போட்டாங்க. 2005-ல சமரசம் ஆச்சு. பெட்டியிலயும் விளம்பரத்துலயும் உண்மை வேகம் குறையும்னு குறிப்புப் போடறதா கம்பெனி ஒத்துக்கிச்சு. வாங்கி ஏமாந்தவங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னா, அதே கம்பெனியோட அடுத்த பொருள் வாங்க 15 சதவீதம் தள்ளுபடி. எனக்கு அது கூட இல்லை.

இவ்வளவும் ஒரு முழ தூரத்துக் கதை. அக்கா பிரச்சினை பின்கட்டுல.

அந்தக் கணக்குல 10 பிட்னு ஒன்னு வந்துச்சே, அதுதான் முதல்ல விழும். 10 பிட் அனுப்பணும்னா 1024 புள்ளிகள்ல எதுன்னு போன் துல்லியமாப் பிரிச்சுப் பார்க்கணும். அதுக்கு சிக்னல் இரைச்சலை விட ரொம்ப ரொம்ப மேல இருக்கணும். நடைமுறையில ரவுட்டர் இருக்கற ரூம்லயே கண்ணுக்கு நேரா இருந்தாத்தான் அது கிடைக்கும். ஒரு சுவர் தாண்டினா 8, 6-ன்னு இறங்கும். கருங்கல் சுவர் ஒன்னு, செங்கல் சுவர் ஒன்னு தாண்டினா 2, 1-க்கு வந்துடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு சுவர் தாண்டறது 2.4-ஐ விடக் கஷ்டம். பின்கட்டுல அக்கா போன் 5-ஐத் தேடித் தேடிப் பார்த்துட்டு 2.4-க்கு விழுந்துடும். அந்த பேண்டுல பக்கத்து வீட்டு ரவுட்டர், எதிர் வீட்டு ரவுட்டர் எல்லாரும் இருக்காங்க. 574-க்கு 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேணும். அக்கம்பக்கத்துல ஆள் இருந்தா ரவுட்டர் தானாவே 20-க்கு சுருங்கிக்கும், அப்ப அதுவும் பாதிதான்.

3000-ங்கிற எண்ல தூரத்தைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லை. ரவுட்டர் எவ்வளவு பலமா அலை அனுப்பலாம்னு சட்டத்துல வரம்பு இருக்கு. AC-க்கு ஒரு வரம்பு, AX-க்கு ஒரு வரம்புன்னு இல்லை. ரவுட்டரையாவது விடுங்க, போன் திருப்பிப் பேசணுமே! அதோட சின்ன ஆன்டெனா, சின்ன பேட்டரியால கருங்கல்லைத் தாண்டிப் பதில் சொல்லணும். நான் பணத்தைக் கொட்டினது பலமாப் பேசறவன் பக்கம். சத்தம் எட்டாதது இந்தப் பக்கம் இருக்கறவனுக்கு. 160 மெகாஹெர்ட்ஸ் போட்டா இன்னும் மோசம். அதே பலத்தை ரெண்டு மடங்கு அகலத்துல பரப்பறதால தூரம் குறையத்தான் செய்யும்.

11, 14 ஆனது ஏன்னு இப்ப விளங்குச்சு. அந்த 3-க்குத்தான் 3,600.

அதுக்கப்புறம் செஞ்சது ரொம்பச் சாதாரணமான வேலை. ராசிபுரம் போய் 20 மீட்டர் கேட்6 வயர் வாங்கினேன், ரெண்டு முனையும் கிரிம்ப் பண்ணித் தந்தாங்க. 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. வீட்டுக்கு உள்ளயே கதவு நிலைக்கு மேல ஆணி அடிச்சு பின்கட்டு வரைக்கும் கொண்டு போனேன். வெளிச் சுவர்ல கொண்டு போறது சுலபம்தான், ஆனா எங்க ஊர்ல மலையில இருந்து இடி இறங்கி வர்றப்ப அந்த வயர் என்ன ஆகும்னு யோசிச்சு விட்டுட்டேன். பின்கட்டு முனையில மாட்டினது எது தெரியுமா? கழட்டி அட்டாலில போட்ட பழைய AC1200.

அதை ஆக்சஸ் பாயிண்டா மாத்தணும். சில ரவுட்டர்ல அதுக்கு ஒரு பட்டனே இருக்கும். இதுல இல்லை. அதனால அதோட ஐபியை `192.168.0.2`-ன்னு மாத்தினேன், முன்கட்டு ரவுட்டர் `192.168.0.1`-ல இருக்கறதால ரெண்டும் மோதிக்கக் கூடாது. அப்புறம் டிஹெச்சிபியை அணைச்சேன், வீட்டுக்கு ஐபி குடுக்கறது முன்கட்டு ரவுட்டர் மட்டும்தான். வைஃபை பேரும் பாஸ்வேர்டும் முன்கட்டுல இருக்கற அதே பேரு, அதே பாஸ்வேர்டு. வயரை வேன் போர்ட்ல குத்தாம லேன் போர்ட்ல குத்தினேன். இந்தக் கடைசி விஷயத்துல எல்லாரும் ஒரு தடவை தப்புப் பண்ணுவாங்க, நானும் பண்ணேன். வேன் போர்ட்ல குத்தினா அது தனி ரவுட்டராவே நினைச்சுக்கிட்டு உள்ள ஒரு தனி நெட்வொர்க் நடத்தும்.

பின்கட்டுல அக்கா போன்ல 5 கிகாஹெர்ட்ஸ், இணைப்பு 433, ஸ்பீடு டெஸ்ட் 91. ரிப்பீட்டர் வாங்கி நடு ஹால்ல வெச்சிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையே அதே சேனல்ல திரும்பச் சொல்றதால நேரம் ரெண்டு மடங்கு ஆகும். வயர் போட முடியற வீட்டுல வயர்தான்.

அப்பா வந்து பார்த்தார். "அப்ப இந்தப் பழசே போதுமா?"ன்னு கேட்டார். "ஆமாங்கப்பா"ன்னேன். "அப்ப அந்தப் புதுசு?" அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

பதில் சித்தப்பா கடையில கிடைச்சுது. பஸ் ஸ்டாப் பக்கத்துல ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வெச்சிருக்கார். மூணு கம்ப்யூட்டர், எல்லாமே வயர்ல. ரிசல்ட் வர்ற நாள், அப்ளிகேஷன் கடைசி தேதின்னா கூட்டம் அள்ளும். அதுக்காக 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறியிருந்தார். ஆனா நெட் ஒன்னும் மாறலைன்னு கேபிள்காரரோட சண்டை. "ஏன்டா தம்பி, முந்நூறுக்குக் காசு வாங்கிட்டு நூறு விடறானே, கேக்க ஆளில்லையா?"

கம்ப்யூட்டர்ல டெஸ்ட் போட்டேன். 94. மறுபடி போட்டேன், 94. காலையில கூட்டமில்லாதப்பவும் 94, சாயங்காலம் ஊரே நெட்ல இருக்கறப்பவும் 94. இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். லைன்ல நெரிசல்னா எண் ஏறி இறங்கும், ராத்திரி ஒன்னு வரும், மத்தியானம் ஒன்னு வரும். ஒரே எண்ல அசையாம நின்னா எங்கயோ ஒரு குழாய் சின்னதா இருக்குன்னு அர்த்தம். 94-ங்கிறது 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் போர்ட்ல தலைப்புச் செலவு போக மிஞ்சறது.

சித்தப்பாவோட ரவுட்டரும் AC1200-தான். விவரப் பட்டியல்ல போர்ட் வரியைப் படிச்சேன். '10/100'. அவ்வளவுதான். காத்துல 867 பேசற ரவுட்டர், ஆனா வெளி உலகத்துல இருந்து உள்ள வர்ற வாசல் 100. பெட்டியோட முன்பக்கம் 1200, பின்பக்கம் நூறு. இது சட்டப்படி பொய் இல்லை. ரெண்டுமே அச்சுல இருக்கு. முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்கறவன்தான் 300 பிளானுக்குக் காசு கட்டி 94 வாங்குவான். இதே AC1200 எண்ல '10/100/1000'-ன்னு கிகாபிட் போர்ட் வெச்ச ரவுட்டரும் விக்குது. முன்பக்கத்துல ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. என்னைக் கேட்டா பெட்டியில முதல்ல படிக்க வேண்டிய வரி இதுதான், 100-க்கு மேல பிளான் வெச்சிருந்தா.

என் AX3000-ல எல்லா போர்ட்டும் கிகாபிட். கொண்டு போய் மாட்டினேன். சித்தப்பா பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். டெஸ்ட் போட்டேன்.

94.

உண்மையைச் சொல்றேன், எனக்கு வேர்த்துடுச்சு. ரெண்டாவது தடவையும் தப்பா? ரவுட்டரோட அட்மின் பக்கத்துல போய் வேன் போர்ட் எந்த வேகத்துல இணைஞ்சிருக்குன்னு பார்த்தேன். `100Mbps Full Duplex`. ரவுட்டருக்கு ஆயிரம் தெரியும், ஃபைபர் பெட்டிக்கும் கிகாபிட் போர்ட்தான். அப்ப நடுவுல இருக்கற ஒரு முழ வயர். கழட்டி கனெக்டரை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா, எட்டு பின்னுக்கு நாலு பின்லதான் கம்பி போயிருக்கு. 100 எம்பிபிஎஸ்க்கு ரெண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். எப்பவோ யாரோ மிச்சப்படுத்தி கிரிம்ப் பண்ணின வயர். புது ரவுட்டர் பெட்டிக்குள்ளயே ஒரு நல்ல வயர் இருந்துச்சு, நான் பிரிக்கவே இல்லை. அதை மாத்தினதும் அட்மின் பக்கத்துல 1000 வந்துச்சு, டெஸ்ட்ல 290-க்கு மேல.

சித்தப்பா கேபிள்காரருக்கு போன் போட்டு என்ன பேசினார்னு எனக்குத் தெரியாது. வெளியில போய்ப் பேசினார், குரல் தணிஞ்சு இருந்துச்சு.

பேரம் அங்கயே முடிஞ்சுது. AX3000 கடைக்கு. சித்தப்பாவோட AC1200 எங்க வீட்டு முன்கட்டுக்கு. எங்க பிளான் 100-தான், வாசல் 100-ஆ இருந்தா 94 வரும், போதும். இப்ப எங்க வீட்டுல முன்னாடி ஒரு AC1200, பின்னாடி ஒரு AC1200. அப்பாகிட்ட 2,000 ரூபாய் குடுத்தார், மிச்சம் மஞ்சள் போட்டதும்னு சொல்லியிருக்கார். அப்பா அதை எழுதி வெச்சிருக்கார், சித்தப்பா பேர்ல இல்லை, என் பேர்ல.

அக்காவுக்கு இப்ப சாயங்காலம் 6 மணிக்கு வட்டம் சுத்தறதில்லை. சார் கேக்கறப்ப அவ பதில் சொல்றா. தப்பாச் சொன்னாலும் நேரத்துக்குச் சொல்றா.

சித்தப்பா கடையில அந்தப் புது ரவுட்டர் வெங்கடாசலபதி படத்துக்குப் பக்கத்துல இருக்கு. மூணு கம்ப்யூட்டரும் வயர்ல ஓடுது. அந்த 2976 எம்பிபிஎஸ் வைஃபையில மாட்டியிருக்கறது சித்தப்பா போன் ஒன்னுதான். அதுவும் 2.4 மட்டும் தெரிஞ்ச போன். இணைப்பு வேகம் 72.